நெல்லைக் குளத்தில் வலசைப் பறவைகளை எண்ணுவது எப்படி?

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. புதிதாக வருபவர்கள் எந்த பைனாகுலர் வாங்குவது என்றுதான் முதலில் கேட்பார்கள். 8x42 போதும். அதைவிட முக்கியம், குளத்தைப் படிக்கத் தெரிவது.

1. குளத்தைப் பாருங்கள்

மடை இருக்கும் கரையோரம்தான் ஆழம். எதிர்ப்பக்கம், வரத்துக்கால் வந்து சேரும் இடத்தில், முழங்கால் அளவு தண்ணீர்தான் நிற்கும். நாமக்கோழியும் நீர்க்காகமும் ஆழத்தில் இருக்கும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் முங்குவதில்லை. தலையை நீருக்குள் விட்டு வாலைத் தூக்கி மேய்பவை என்பதால் ஆழமில்லாத பக்கம் ஒதுங்கும். உள்ளான்களுக்குச் சேறு வேண்டும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து மறுகால் பாயும் ஆண்டில் சேறே வெளியில் தெரியாது. உள்ளான்களும் அங்கே நிற்காது. நெல்லுக்கு மடை திறந்து நீர் வற்றத் தொடங்கியதும் வந்துவிடும்.

2. வெயிலை முதுகில் வாங்குங்கள்

நிலம் கிழக்கே சரிவதால் பல குளங்களுக்குக் கரை கிழக்கில் இருக்கிறது. காலையில் அதன் மேல் நின்றால் வெளிச்சம் பறவைகள் மீது விழும். மேற்கே நின்றால் எல்லா வாத்தும் கறுப்புதான். உள்ளே நிற்கும் கருவேல மரங்களை அடையாளமாக வைத்துக் குளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, இடமிருந்து வலமாக எண்ணுங்கள்.

3. கூட்டத்தை எண்ணுதல்

பத்து வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து, பார்வையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கவனித்து, அதே அளவை அடுத்தடுத்து நகர்த்தி நூறாக்குங்கள். பிறகு நூறு நூறாகப் போகலாம். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் கூட்டம் இருக்கும் என்பதால், ஓரத்துக்கு வேறு அளவு எடுங்கள். பெரிய கூட்டத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

மொத்தம் 800 என்று வைத்துக்கொள்வோம். இனம் பிரிக்க, கூட்டத்தின் பல இடங்களிலிருந்து நூறு வாத்துகளைப் பாருங்கள். கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை இருந்தால் ஆண் நீலச்சிறகி. நீண்ட கழுத்தும் வெள்ளை மார்பும் ஆண் ஊசிவாலுக்கு. பழுப்புநிறப் பெட்டைகளை உருவத்தையும் கழுத்து நீளத்தையும் வைத்துப் பிரிக்க வேண்டும். நூற்றில் 75 நீலச்சிறகி, 25 ஊசிவால் என்றால், கணக்கு 600, 200. ஒரே மூலையில் பார்த்தால் இந்த விகிதம் பொய்க்கும். ஊசிவால்கள் தனியே திரண்டிருக்கக்கூடும்.

சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் போதும், மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். எண்ணிக்கையை நிறுத்துங்கள். அமர்ந்த பிறகு அந்தப் பகுதியை மட்டுமல்ல, முழுக் குளத்தையும் மறுபடி எண்ண வேண்டும்.

4. பதிவு

eBird செயலியில் `X` என்று போட்டால் பறவை இருந்தது மட்டுமே தெரியும். மதிப்பீடானாலும் எண்ணையே இடுங்கள். குறிப்பில் நீர்மட்டத்தையும், மடை திறந்திருந்ததா என்பதையும் எழுதுங்கள். பக்கத்துக் குளங்களை அதே காலையில் வேறு குழு எண்ணுவது நல்லது. இல்லாவிட்டால் அங்கிருந்து பறந்துவந்த கூட்டம் இரண்டு கணக்கிலும் ஏறிவிடும். வறண்ட குளத்துக்கும் போய், பறவை இல்லை என்று பதியுங்கள்.