வெவ்வேறு வாட் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்தால் எத்தனை வோல்ட் வரை கொடுக்கலாம்?

ஆம்ப்ளிஃபயர் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், சுவிட்சை அணைத்த பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடிய விட எனக்கு ஒரு ரெசிஸ்டர் வரிசை வேண்டியிருந்தது. சப்ளை 60 வோல்ட் டிசி. டப்பாவில் கிடந்தவை 100 ஓம் கால் வாட், 220 ஓம் ஒரு வாட், 1500 ஓம் இரண்டு வாட். மூன்றையும் தொடராக இணைத்தால் 60 வோல்ட்டைத் தாங்குமா? ஓம் விதி தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே கணக்குக்கு வருகிறேன்.

படி 1: ஒவ்வொன்றும் தாங்கும் கரண்ட்

தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே கரண்ட். அதனால் வோல்டேஜை மறந்துவிட்டு, ஒவ்வொரு ரெசிஸ்டரும் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று முதலில் பாருங்கள்.

```
I = √(P / R)
```

100 ஓம் 50 மில்லிஆம்பியர் தாங்கும். 220 ஓம் 67.4 தாங்கும். 1500 ஓம் தாங்குவது 36.5தான். கால் வாட்தான் முதலில் கருகும் என்று பலரும் நினைப்பார்கள். இங்கே முதலில் திணறுவது இரண்டு வாட். ஒரே கரண்டில் 1500 ஓமில் கிளம்பும் சூடு 100 ஓமில் கிளம்புவதைப் போல 15 மடங்கு. அதன் வாட் அளவோ 8 மடங்குதான்.

இந்தப் படியில்தான் யூனிட் காலை வாரும். வாட்டை ஓமால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் விடை ஆம்பியரில் வரும், அதில் சிக்கல் இல்லை. இரண்டு வாட்டை 1.5 கிலோஓமால் வகுத்து, புள்ளியை அப்புறம் நகர்த்திக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு. வர்க்கமூலத்துக்குள் ஆயிரம் போனால் வெளியே வருவது 31.6, எந்தப் பக்கம் புள்ளி வைத்தாலும் சரியாகாது. மில்லிவாட்டையும் கிலோஓமையும் ஜோடியாகப் போடுங்கள், விடை நேராக மில்லிஆம்பியரில் வரும்: 2000 ÷ 1.5 = 1333, வர்க்கமூலம் 36.5. இதற்கென்று ஆன்லைன் கால்குலேட்டர் எதையும் தேட மாட்டேன். போனில் இருப்பதே போதும்.

படி 2: சிறிய கரண்ட் × மொத்த ஓம்

0.0365 × 1820 = சுமார் 66.4 வோல்ட். இதுதான் உச்சம்.

வாட்டையெல்லாம் கூட்டி 3.25 என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வோல்டேஜ் கண்டுபிடித்தால் 76.9 வரும். அந்த வோல்டேஜில் 1500 ஓமில் 2.68 வாட் எரியும். ஒவ்வொன்றும் தாங்கும் வோல்டேஜைத் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கூட்டினாலும் 74.6 என்று தப்பாகத்தான் வரும், ஏனென்றால் மூன்றும் ஒரே நேரத்தில் தங்கள் உச்சத்தைத் தொடுவதில்லை.

படி 3: பாதி வாட்டில் நிறுத்துங்கள்

66.4 என்பது காகிதக் கணக்கு. சாதாரண ஃபிலிம் ரெசிஸ்டர்களின் வாட் அளவு பெரும்பாலும் சுற்றுப்புறம் 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். அதற்கு மேல் சூடு ஏற ஏறத் தாங்கும் அளவு குறையும். மூடிய பெட்டிக்குள் 70 டிகிரி ஒன்றும் அபூர்வமில்லை. தொடர்ந்து ஓடுகிற எதையும் நான் பாதி வாட்டுக்கு மேல் ஓட்டுவதில்லை. வாட் பாதியானால் வோல்டேஜ் பாதியாகாது, 1.414-ஆல் வகுபடும்: 66.4 போய் 47 ஆகிறது. என் 60 வோல்ட்டுக்கு இது பற்றாது.

அதனால் 1500 ஓமை எடுத்துவிட்டு, இரண்டு வாட் 750 ஓம் இரண்டைப் போட்டேன். மொத்தம் அதே 1820. ஒவ்வொரு 750-உம் 51.6 மில்லிஆம்பியர் தாங்கும். இப்போது சின்னது 100 ஓமின் 50. உச்சம் 91 வோல்ட், பாதி வாட் கணக்கில் 64. இது போதும்.

மாட்டியபின் ஒவ்வொன்றின் குறுக்கேயும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 60 வோல்ட்டில் ஒவ்வொரு 750-இலும் சுமார் 24.7 வோல்ட் காட்ட வேண்டும். மிகவும் விலகினால் ஏதோ ஒன்றின் மதிப்பு மாறியிருக்கிறது. கலர் பட்டைகள் பழுப்பேறியிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். உருவத்தைப் பார்த்து வாட் சொல்லாதீர்கள். கால் வாட் அளவு உடம்பில் அரை வாட்டும் வருகிறது.

பின்சேர்க்கை: 1 மெகாஓம் கால் வாட் மூன்றைத் தொடராகப் போட்டால் 1500 வோல்ட் தாங்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கணக்கு அப்படித்தான் சொல்லும், ஆனால் தாங்காது. கால் வாட் கார்பன் ஃபிலிமுக்கு வழக்கமாக 250 வோல்ட் என்று தனியே ஒரு வரம்பு உண்டு. 250 கிலோஓமுக்கு மேல் போனால் வாட்டுக்கு முன்னால் இந்த வரம்புதான் குறுக்கே நிற்கும். அப்படிப்பட்ட ரெசிஸ்டருக்குப் படி 1-இல் 250-ஐ ஓமால் வகுத்து வரும் கரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெகாஓமுக்கு அது 0.25 மில்லிஆம்பியர், மூன்றுக்கும் சேர்த்து 750 வோல்ட்.