டீம்ல எல்லாரும் அவங்க பாஷையில பேசுறப்போ நாம பண்ற தப்புங்க

ஹைதராபாத் மாதாப்பூர் பக்கம் ஒரு ஆபீஸ்ல ரெண்டரை வருஷம் இருந்தேன். டீம்ல ஒன்பது பேர், அதுல ஏழு பேர் தெலுங்கு, மிச்சம் நானும் புவனேஸ்வர்ல இருந்து வந்த ஒரு டெஸ்டர் பொண்ணும். மீட்டிங் இங்கிலீஷ்ல ஆரம்பிக்கும், அஞ்சு நிமிஷத்துல யாராவது "அதே கதா அன்னா"ன்னு ஒரு வார்த்தை விடுவாங்க, அவ்ளோதான், அதுக்கப்புறம் முழுக்க தெலுங்கு. யாரும் வேணும்னு பண்றதில்ல, சூடா விவாதம் போறப்போ வாய் தானா வீட்டு பாஷைக்கு போயிடும், நாம மட்டும் என்ன.

இதுல நான் பண்ணின பெரிய தப்பு கோபப்பட்டதோ ஒதுங்கிப் போனதோ இல்ல, புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சது. தமிழ்க்காரங்க தெலுங்கு, கன்னட டீமுக்கு நடுவுல மாட்டுறப்போ இந்த குழி ரொம்ப ஆழம். பணி, தப்பு மாதிரி நம்ம வார்த்தையே அங்கயும் ஓடும், கூடவே டேட்டாபேஸ், சர்வர், ரிலீஸ்னு இங்கிலீஷ் வேற, அதனால பத்து வார்த்தையில ஆறு காதுல பிடிபடும். ஆனா தெலுங்குலயும் நம்மள மாதிரியே வினைச்சொல் கடைசிலதான் வரும், செய்யணுமா, செய்யக்கூடாதா, செஞ்சாச்சா, செய்யலையாங்கிறது எல்லாமே அந்த கடைசி வார்த்தையோட வால்லதான் இருக்கு. நாம பிடிச்ச ஆறு வார்த்தையில அந்த வால் இருக்காது.

எனக்கு நடந்தத சொல்றேன். சம்பள ஃபைல் அப்லோட் ஆகுற ஒரு மாட்யூல், அதுல பேங்க் அக்கவுண்ட் நம்பர் காலியா இருந்தா அந்த வரிய தள்ளிவிடுற ஒரு வாலிடேஷன். கிளையண்ட் அத தூக்கச் சொல்லி கேட்டிருந்தாங்க. வியாழக்கிழமை காலையில மீட்டிங்ல அதப் பத்தி பத்து நிமிஷம் தெலுங்குல ஓடுச்சு, கடைசில லீட் என்னப் பாத்து "வாலிடேஷன் ரிமூவ் செய்யொத்து"ன்னார். என் காதுல வாலிடேஷன், ரிமூவ், செய்ய, இந்த மூணும் நல்லா விழுந்துச்சு, நானும் ஓகே அண்ணான்னு தலையாட்டிட்டு வந்து மதியத்துக்குள்ள கோட எடுத்துட்டேன். செய்யொத்துன்னா செய்யாதேன்னு அர்த்தம். டெஸ்ட் சர்வர்ல பதினாலு பேரோட வரி அக்கவுண்ட் நம்பர் இல்லாமலே உள்ள போனதுக்கு அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. லைவ்ல போயிருந்தா சம்பள நாள் அன்னைக்கு நாறியிருக்கும். அவர் கேட்டது ஒரே கேள்வி, "நீதான் ஓகே சொன்னியே?" பதில் இல்ல என்கிட்ட.

அந்த தலையாட்டல்தான் அடுத்த தப்பு. அவங்க சிரிக்கிறப்போ நாமளும் சிரிக்கிறது, நடுவுல "ம்ம்" போடுறது எல்லாம் மரியாதைக்கு பண்றோம்னு நமக்கு தெரியும், எதிர்ல இருக்கவங்களுக்கு அது "இவனுக்கு தெலுங்கு வரும்"னு போய் சேரும். "பாகுந்தி", "தின்னாவா"ன்னு ரெண்டு வார்த்தைய சரளமா எடுத்து விட்டா அதோட முடிஞ்சுது, அடுத்த வாரத்துல இருந்து இங்கிலீஷே வராது. பாஷை கத்துக்காதீங்கன்னு சொல்லல, கத்துக்குறதா இருந்தா வணக்கம் சாப்டியாவ விட்டுட்டு முதல்ல அந்த வால்கள கத்துக்கோங்க: செய்யாலின்னா செய்யணும், செய்யொத்துன்னா கூடாது, செய்யலேதுன்னா செய்யல, சேசேசாம்னா செஞ்சிட்டோம். கூடவே ரேப்புன்னா நாளைக்கு, எல்லுண்டின்னா நாளன்னைக்கு. அப்புறம் எப்புடு, இது எப்படி இல்ல, எப்போ! லீட் எப்புடுன்னு கேக்குறப்போ எப்படி பண்றேன்னு விளக்கிட்டு நின்னவன் நான்.

சரி, புரியலன்னா எப்படி கேக்குறது? "என்ன பேசிக்கிறீங்க?"ன்னு கேட்டா "ஏம் லேது, சும்மா"ன்னுதான் பதில் வரும், பத்து நிமிஷ பேச்ச யாரு திரும்ப மொழிபெயர்ப்பாங்க. எல்லார் முன்னாடியும் "இங்கிலீஷ்ல பேசுங்க"ன்னு முகத்த இறுக்கி சொன்னா அன்னைக்கு ஒரு நாள் நடக்கும், அடுத்த நாள்ல இருந்து உங்கள கூப்பிடாம டீக்கடையில வச்சு பேசி முடிச்சிடுவாங்க, அது இன்னும் மோசம். எனக்கு வேலை செஞ்சது, பேச்சு முடியுறப்போ உள்ள புகுந்து ஒரே ஒரு விஷயத்த முழுசா சொல்லி ஆமாவா இல்லையான்னு கேக்குறது: "அப்போ வாலிடேஷன் அப்படியே இருக்கட்டும், நான் தொடக்கூடாது, கரெக்டா?" இதுக்கு பதில் ஒரு வார்த்தைதான், அத எல்லாரும் சொல்லுவாங்க. சீட்டுக்கு வந்ததும் அதையே குரூப் சாட்ல ரெண்டு வரியா போட்டுடுவேன், யார் செய்யுறாங்க, எந்த தேதி, எது மாறல. தப்பா இருந்தா அஞ்சு நிமிஷத்துல யாராவது திருத்துவாங்க. ஒரு மாசத்துல லீடே "நுவ்வு ராஸெய்"னு, அதாவது நீயே எழுதிடுன்னு, பேச்ச முடிக்கிறப்பவே என் பக்கம் திரும்ப ஆரம்பிச்சார், எழுதணும்னா இங்கிலீஷ்ல ஒருவாட்டி சொல்லித்தானே ஆகணும்.

டீக்கடை பேச்ச இதோட போட்டு குழப்பிக்காதீங்க. இரானி சாய் குடிச்சுக்கிட்டே ஊர் கதை, சினிமா, கல்யாணம்னு அவங்க பாஷையில பேசுறது அவங்க நேரம், அதுல நமக்கு கேக்க உரிமை இல்லன்னுதான் நான் நினைக்கிறேன். அங்க நடுவுல "அரவ"ன்னு ஒரு சொல் காதுல விழும், தமிழுக்கு தெலுங்குல இருக்குற பழைய பேர் அது, கிண்டலாவும் வரும் சும்மாவும் வரும். மொதல் தடவை கேட்டப்போ என்னத்தான் திட்டுறாங்கன்னு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல, கடைசில பாத்தா அந்த சொல்ல சொன்னவரோட ஊர்ல அவர் வீட்டுக்கு பக்கத்துல குடியிருந்த தமிழ் குடும்பத்தோட சாம்பார் பத்தி பேச்சு.

மேல புகார் போறதா இருந்தாலும் "எல்லாரும் தெலுங்குல பேசுறாங்க"ன்னு போகாதீங்க, மேனேஜரும் அங்க தெலுங்குதான், சிரிச்சு அனுப்பிடுவார். இந்த தேதி, இந்த மீட்டிங், இந்த முடிவு எனக்கு வந்து சேரல, அதனால இத்தனை மணி நேரம் திரும்ப வேலை, இப்படி மூணு நாலு சம்பவம் கையில இருந்தா அது பாஷை சண்டையா தெரியாது, வேலை பிரச்னையா தெரியும்.

ரெண்டாவது வருஷம் டீமுக்கு இன்னொரு தமிழ் பையன் வந்தான், மதுரைக்காரன். எனக்கு வாய் பூட்டு கழண்ட மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்த டெஸ்டர் பொண்ணு டேபிள்கிட்டயே நின்னு, அவளோட பக் பத்தியேதான், "மண்டே பில்டு வேணாம் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்"னு அவன்கிட்ட சொன்னேன். அவ நிமிர்ந்து பாத்து சிரிச்சா, தலையாட்டினா. திங்கக்கிழமை காலையில நான் உள்ள வர்றப்போ அவ எட்டு மணிக்கே வந்து உக்காந்திருந்தா, டெஸ்ட் கேஸ் எல்லாம் வரிசையா எடுத்து வச்சிக்கிட்டு, "பில்டு எப்போ வரும்?"னு கேட்டா.