காலுக்கு இறங்கும் இடுப்பு வலி: ஸ்கேன் எப்போது தேவை?

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கத் தரையில் குனிந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் 42 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார். புட்டத்தில் கிளம்பிய வலி தொடை, கெண்டைக்கால் வழியாகக் கால் கட்டைவிரல் வரை சுரீரென்று இறங்குகிறது. இருமினால் கூடுகிறது. கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகிறது.

வாயுப் பிடிப்பு என்று சொல்லிக் கெண்டைக்காலை உருவிவிடுவார்கள். வலி காலில் தெரிந்தாலும் கோளாறு இருப்பது இடுப்பில். அங்கே முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்துகிறது. பெரும்பாலும் இதுதான் காரணம். இடுப்பை முறுக்கிச் சுளுக்கு எடுத்தால் பிதுக்கம் கூடவும் வாய்ப்புண்டு.

அடுத்த தவறு, நேராக ஸ்கேன் சென்டருக்குப் போவது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வும் நரம்பும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும்தான். ஆனால் 40 வயதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பாதிப் பேருக்கு எடுத்தாலும் ஜவ்வு பிதுங்கியிருப்பதாகத்தான் ரிப்போர்ட் வரும். அதைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்குப் பயந்து படுக்கையில் விழுகிறவர்கள் அதிகம். படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து, தேறுவது தள்ளிப்போகும். வலி கடுமையான ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு தாங்குகிற அளவுக்கு நடமாட வேண்டும். பட்டறைக்காரர் தரையை விட்டு ஸ்டூலுக்கு மாறி, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம். பலருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி நன்றாகவே குறைந்துவிடும். அதுவரை மெடிக்கல் ஷாப்பில் தானாக வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும்.

இந்த வாரங்களில் கவனிக்க வேண்டியது வலியைவிடக் காலின் பலத்தை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நாலடி, நுனிக்காலில் நாலடி நடந்து பாருங்கள். இவருக்கு இரண்டும் முடிகிறதென்றால் பொறுக்கலாம். பாதம் தூக்க வராமல் செருப்பு கழன்று விழுந்தால், வலி குறைந்திருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்த்து எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வலி குறைந்ததே, சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. 6 வாரமாகியும் குறையாமல் ஊசியோ ஆபரேஷனோ யோசிக்கும் கட்டத்திலும் ஸ்கேன் வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய், விழுந்து அடிபட்டது, இவற்றில் ஏதாவது இருந்தால் 6 வாரம் காத்திருக்கவே கூடாது.

ஒன்று மட்டும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. சிறுநீர் முட்டியும் வராமல் இருப்பது, அல்லது தெரியாமலே போவது, மலம் அடக்க முடியாதது, உட்காருமிடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். தாமதித்தால் சிறுநீர் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். ஏற்காட்டில் ராத்திரி இப்படி ஆனால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு மலையிறங்குங்கள். அவசரப் பிரிவில் கால்வலி என்று ஆரம்பிக்காமல், சிறுநீர் போகவில்லை, உட்காருமிடம் மரத்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.