மூட் மெமோரியலைச் சகமாணவர் மதிப்பாய்வு செய்வது எப்படி: பலவீனமான தீர்ப்புகளும் தெளிவில்லாத வேண்டுதலும்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வார இறுதியில் நாலைந்து சட்ட மாணவர்கள் கூடி, மூட் என்னும் மாதிரி வழக்காடலுக்கு ஒருவர் எழுதிய வாத ஆவணமான மெமோரியலை மற்றவர்கள் திருத்தும் அமர்வுகளில் அதிகம் நடப்பது எழுத்துப்பிழை பார்ப்பதுதான். காற்புள்ளி, அடிக்குறிப்பு, எழுத்துரு என்று ஒரு மணித்தியாலம் போய்விடும். நீதிபதிகளின் கேள்வி விழும் இரண்டு இடங்களோ கைபடாமல் கிடக்கும். ஒன்று, மேற்கோள் காட்டிய தீர்ப்புகள் வாதத்தைத் தாங்குகின்றனவா என்பது. மற்றது, பிரேயர் என்று நாம் சொல்லும் கடைசி வேண்டுதல் பகுதி, நீதிமன்றம் எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறதா என்பது. இந்த விளக்கம் அந்த இரண்டுக்கும் மட்டுமே.

பயிற்சிக்காக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு விவசாயி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1986 இல் கிடைத்த பெர்மிட் காணி. 2008 இல் இடம்பெயர்ந்து 2011 இல் திரும்பி வந்து மீண்டும் வயல் செய்கிறார். 2023 மார்ச் 6 ஆம் திகதி பிரதேச செயலாளர், அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டத்தின் (1979 இன் 7 ஆம் இலக்கம்) கீழ் அவருக்கு வெளியேறல் அறிவித்தல் அனுப்புகிறார். பெர்மிட் ரத்துச் செய்யப்பட்டதாக எந்த ஆவணமும் இல்லை. உங்கள் சகமாணவர் மனுதாரர் பக்கம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அரசியலமைப்பின் 140 ஆம் உறுப்புரையின் கீழ் எழுத்தாணை கேட்கிறார்.

படி 1: அமர்வுக்கு முன் தயார்ப்படுத்தல்

மெமோரியல் இரண்டு நாளுக்கு முன்னரே கைக்கு வரவேண்டும். அதோடு, அதில் மேற்கோள் காட்டப்பட்ட ஒவ்வொரு தீர்ப்பின் முழுப் பிரதியும் வேண்டும். எழுதியவர் அவற்றைக் கோப்பாகத் தராவிட்டால் அமர்வையே தள்ளிப்போடுங்கள். தீர்ப்பைத் திறந்து பார்க்காமல் தீர்ப்பின் பலத்தை யாரும் சொல்ல முடியாது. சிக்னல் நம்பமுடியாத ஊர்களில் இருப்பவர்கள் பிரதிகளை முதலே பதிவிறக்கி வைப்பது நல்லது. அமர்வின் நடுவில் தேட வெளிக்கிட்டால் நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

மூன்று பேர் போதும். எழுதியவர், மதிப்பாய்வாளர், நீதிபதியாக இருந்து கேள்வி கேட்பவர். ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதல் 15 நிமிடம் எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. அவர் விளக்கத் தொடங்கினால், தாளில் இல்லாததையும் நீங்கள் கேட்டு விளங்கிக்கொள்வீர்கள். நடுவர்களுக்கு அந்த வசதி கிடையாது, அவர்கள் கையில் இருப்பது தாள் மட்டுந்தான்.

படி 2: கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வேண்டுதலை முதலில் வாசியுங்கள். முன்னால் உள்ள வாதங்களை வாசித்துவிட்டு வந்தால், வேண்டுதலில் உள்ள ஓட்டைகளை உங்கள் மனமே நிரப்பிவிடும். நம் சகமாணவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"எனவே மனுதாரருக்கு நீதி வழங்கி, பிரதிவாதிகளின் சட்டவிரோதச் செயல்களைத் தடுத்து, மனுதாரரின் காணி உரிமையை உறுதிப்படுத்தி, தகுந்த நட்டஈடும் வழங்குமாறு வேண்டுகிறோம்."

வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதை அப்படியே கட்டளையாக எழுதிக் கையொப்பமிட ஒரு நீதிபதியால் முடியுமா? அந்தக் கேள்வியோடு ஒவ்வொரு துண்டாகப் போங்கள்.

"நீதி வழங்கி" என்பது பரிகாரமே அல்ல, வெட்டுங்கள். "சட்டவிரோதச் செயல்கள்" என்றால் எந்தச் செயல், எந்த ஆவணம், எத்தனையாம் பிரதிவாதி? ஒன்றுமே இல்லை. "காணி உரிமையை உறுதிப்படுத்தி" என்பதுதான் ஆபத்தான துண்டு. எழுத்தாணை வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது அதிகாரி சட்டப்படி நடந்தாரா என்பதையே. உரித்தை நிலைநாட்டுவது மாவட்ட நீதிமன்றத்து வேலை. போதாததற்கு, பெர்மிட் வைத்திருப்பவரை முழு உரித்தாளராக இந்த ஒற்றை வரி காட்டிவிடுகிறது. எதிர்த்தரப்பு இதை மட்டும் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசும். "நட்டஈடு" பற்றி உள்ளே ஒரு பந்தி வாதம்கூட இல்லை. வாதம் இல்லாத பரிகாரம் வேண்டுதலில் இருக்கக்கூடாது.

இல்லாததையும் தேடுங்கள். இங்கே இடைக்கால நிவாரணம் விடுபட்டிருக்கிறது. வெளியேறல் அறிவித்தல் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குள் வெளியேறாவிட்டால், அதே 1979 சட்டத்தின் 5 ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் போகும். மேன்முறையீட்டு நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு எழுதும்போது மனுதாரர் ஏற்கனவே வயலைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்தால் அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

படி 3: ஒவ்வொரு தீர்ப்பையும் சட்டப்பிரிவோடு சேர்த்து வாசியுங்கள்

அமர்வின் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். பலவீனமான தீர்ப்பு என்றதும் பழைய தீர்ப்பு, வெளிநாட்டுத் தீர்ப்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதைவிட ஏமாற்றுவது, மிகப் பலமான ஒரு தீர்ப்பு தவறான இடத்தில் வந்து நிற்பது.

சகமாணவரின் முதல் வாதம்: அறிவித்தல் அனுப்ப முன் மனுதாரரை விசாரிக்கவில்லை, ஆகவே இயற்கை நீதி மீறப்பட்டது. ஆதாரமாக ரிட்ஜ் எதிர் போல்ட்வின், பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் 1963 தீர்ப்பு. பிரைட்டன் நகரப் பொலிஸ் தலைமை அதிகாரியை விசாரணையின்றி நீக்கியது செல்லாது என்று சொன்ன வழக்கு. இயற்கை நீதிக்கு இதைவிடப் பெரிய பெயர் கிடைப்பது கஷ்டம். ஆனால் அறிவித்தலுக்கு அடிப்படையான 1979 சட்டத்தின் 3 ஆம் பிரிவைத் திறந்து (1அ) உட்பிரிவைப் பாருங்கள். வெளியேறல் அறிவித்தல் தொடர்பாக விசாரணைக்கோ முறையீட்டுக்கோ எவருக்கும் உரித்தில்லை என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. பாராளுமன்றம் கதவை மூடிவிட்ட இடத்தில் பொதுக்கோட்பாட்டுத் தீர்ப்பைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். இந்த உட்பிரிவை மெமோரியல் எங்கும் குறிப்பிடாதது இன்னும் மோசம். முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

பிழையைச் சொன்னால் மாற்றுவழியும் காட்டுங்கள். 18 ஆம் பிரிவின் வரைவிலக்கணத்தின்படி, செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தோடு இருப்பவரின் இருப்பு "அதிகாரமற்ற உடைமை" ஆகாது. அப்படியானால் பெர்மிட் உயிரோடு இருக்கும்வரை அறிவித்தல் அனுப்பும் அதிகாரமே எழவில்லை என்று வாதாடலாம். பெர்மிட்டை ரத்துச் செய்வதற்கோ, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு காரணங்காட்டும்படி முன்னறிவித்தல் கேட்கிறது. விசாரிக்கப்படும் உரிமை உட்கார வேண்டிய இடம் அதுதான். ரிட்ஜ் வழக்கையும் அங்கே, துணையாக ஒரு வரியில், வைத்துக்கொள்ளலாம். முதல் ஆதாரமாக நிற்பது சட்டப்பிரிவே. தீர்ப்புகளை அடுக்கும் அவசரத்தில் சட்டத்தின் வாசகத்தையே மறந்துவிடுவது தொடக்க மாணவர்களிடம் அடிக்கடி காணும் குறை.

படி 4: தீர்ப்பின் பின்வரலாறு

அதே மெமோரியலில், அரச காணி அறிவித்தலை எழுத்தாணை மூலம் கேள்விக்குட்படுத்தலாம் என்பதற்கு, சோலைமுத்து ராசு வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு காட்டப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அந்த நியாயாதிக்கம் உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, இல்லை என்று தீர்த்தது. ஆக, காட்டியிருப்பது செத்த தீர்ப்பு.

இதைக் கண்டுபிடிக்க வழக்கின் பெயரை மட்டும் தேடினால் போதாது. மேன்முறையீட்டில் தரப்பினரின் பெயர் இடம் மாறும், வழக்கு இலக்கமும் மாறும். இரு தரப்புப் பெயரையும் தனித்தனியே போட்டுத் தேடுங்கள். பிறகு, அதே சட்டப்பிரிவு பேசப்பட்ட அண்மைய தீர்ப்பு ஒன்றை எடுத்து, அது இந்த வழக்கைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். நம் கதையில் மனு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இருப்பதால் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு மனுதாரருக்குக் கெடுதல் செய்யவில்லை. சரியான நீதிமன்றத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்பதற்கு அதையே காட்டலாம்.

பக்க இலக்கத்தையும் சரிபாருங்கள். அடிக்குறிப்பு காட்டும் பக்கத்தில் விரலை வைத்து, தீர்ப்பின் ஆங்கில வரியைச் சத்தமாக வாசியுங்கள். அது நீதிபதியின் முடிவா, சட்டத்தரணியின் வாதத்தைப் பதிந்த பந்தியா, மாறுபட்ட தீர்ப்பா? கலந்துரையாடலைத் தமிழில் வைத்தாலும் இந்த ஒரு வேலைக்கு மூலவரி வேண்டும்.

படி 5: குறிப்பை எழுதும் விதம்

"ஓதோரிட்டி வீக்காக் கிடக்கு, பிரேயரும் சரியில்லை" என்று எழுதினால் எழுதியவருக்குக் கோபம் வருமே தவிர வேறொன்றும் நடக்காது. பக்கம், பிரச்சினை, அதனால் வரும் கேள்வி, மாற்றுவழி, நான்கும் ஒரே குறிப்பில் இருக்கட்டும்:

"பக்கம் 9, பந்தி 2: ரிட்ஜ் வழக்கு 3(1அ) க்கு எதிராக நிற்காது. 'சட்டமே மறுத்த விசாரணையை நாங்கள் எப்படிக் கொடுப்பது?' என்று கேட்பார்கள். 18 ஆம் பிரிவிலிருந்து தொடங்கி, விசாரணை வாதத்தை 106 க்கு நகர்த்தவும்."

ஐந்து குறிப்புக்கு மேல் வேண்டாம். இருபது குறிப்புக் கொடுத்தால் எழுதியவர் இலகுவான பதினைந்தைத் திருத்திவிட்டு, பெரியதை விட்டுவிடுவார்.

படி 6: வேண்டுதலைக் கூடியிருந்து திருத்துதல்

கடைசி 20 நிமிடம் இதற்கு. எழுதியவரே பேனாவைப் பிடிக்கட்டும். நம் வழக்குக்கு இப்படி வரலாம்:

"(அ) 1 ஆம் பிரதிவாதியால் 2023.03.06 ஆம் திகதி வழங்கப்பட்டு பி4 எனக் குறியிடப்பட்ட வெளியேறல் அறிவித்தலை ரத்துச் செய்யும் உறுதிகேள் எழுத்தாணை (சேர்ஷியோராரி) ஒன்றை வழங்குமாறும்;

(ஆ) பி1 ஆகிய அனுமதிப்பத்திரம் சட்டப்படி ரத்துச் செய்யப்படும் வரை, மேற்படி காணி தொடர்பாக 1979 இன் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1 ஆம் பிரதிவாதி நடவடிக்கை எடுப்பதைத் தடுக்கும் தடையீட்டு எழுத்தாணை ஒன்றை வழங்குமாறும்;

(இ) இம்மனு தீர்க்கப்படும் வரை, பி4 இன் அடிப்படையில் நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் செய்வதைத் தடுக்கும் இடைக்கால ஆணை ஒன்றை வழங்குமாறும்;

(ஈ) வழக்குச் செலவும், மன்றுக்கு உசிதமெனத் தோன்றும் வேறு பரிகாரங்களும் வழங்குமாறும்."

(ஆ) வில் "ரத்துச் செய்யப்படும் வரை" என்ற எல்லை வேண்டுமென்றே போடப்பட்டது. என்றென்றைக்கும் தடுக்கச் சொன்னால், நாளை சட்டப்படி ரத்துச் செய்தாலும் அதிகாரி அசையக்கூடாதா என்று கேட்பார்கள், பதில் இருக்காது. (இ) ஐ எழுத முன் வழக்கு விபரத்தை மறுபடி பாருங்கள். விண்ணப்பம் ஏற்கனவே போயிருந்தால், கேட்க வேண்டியது அந்த நடவடிக்கையை நிறுத்திவைக்கும் ஆணை. (ஈ) இன் கடைசித் துண்டு வழக்கமான வாசகம், விட்டுப்போன பரிகாரத்தை அது காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

பிறகு நீதிபதியாக இருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "1979 சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி நீதவானிடமே பெர்மிட்டைக் காட்டலாமே, இங்கே ஏன் வந்தீர்கள்?" எழுத்தாணை நீதிமன்றத்தின் தற்றுணிபுக்கு உட்பட்டது என்பதால் இந்தக் கேள்வி தப்பாமல் வரும். பதிலுக்கு மெமோரியலில் ஒரு பந்தியும் அதற்கொரு தீர்ப்பும் இல்லையென்றால் அதுவே உங்கள் ஐந்தாவது குறிப்பு. திருத்திய பிரதி மூன்று நாளுக்குள் திரும்பி வரும்போது அந்தப் பந்தியையும், ஒவ்வொரு வேண்டுதலின் ஓரத்திலும் அதைத் தாங்கும் வாதத்தின் பக்க இலக்கம் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் மட்டும் பாருங்கள்.