டிஎம்சி மினிட்ஸ் எழுதுறவங்களுக்கு ஒரு குறிப்பு

ட்ரயல் டேட்டா கண்காணிப்பு கமிட்டி மீட்டிங்குக்கு மினிட்ஸ் எழுதுறப்போ ஓப்பன் செஷன், க்ளோஸ்டு செஷன் ரெண்டுக்கும் ஆரம்பத்துலயே தனித்தனி ஃபைல் போட்டுடுங்க. ஒரே வேர்ட் ஃபைல்ல எழுதி அப்புறம் க்ளோஸ்டு பகுதிய அழிச்சு ஸ்பான்சருக்கு அனுப்பலாம்னு நினைச்சா, ட்ராக் சேஞ்சஸ் ஆன்ல இருந்தா அதுல எல்லாமே உக்காந்திருக்கும். க்ளோஸ்டு மினிட்ஸ் கமிட்டிகிட்டயும் தனி ஸ்டாட்டிஸ்டிசியன்கிட்டயும் மட்டும் இருக்கணும், ட்ரயல் முடியுற வரைக்கும் ஸ்பான்சர் கைக்குப் போகக்கூடாது.

கஷ்டம் வர்றது பரிந்துரைய எழுதுறப்போதான். உதாரணமா, க்ளோஸ்டு செஷன்ல ஒரு குரூப்ல மட்டும் ஏஎல்டி ஏறியிருக்குனு பாத்துட்டு, ட்ரயல் தொடரலாம் ஆனா 4 வாரத்துக்கு ஒருக்கா எடுக்குற லிவர் டெஸ்ட்ட 2 வாரத்துக்கு ஒருக்கா எடுக்கணும்னு முடிவு பண்றாங்கனு வச்சுக்குவோம். எத்தனை பேருக்கு, எந்த குரூப்ல, என்ன விவாதம் நடந்துச்சு, ஓட்டு எப்படிப் பிரிஞ்சுச்சு எல்லாம் க்ளோஸ்டுல. ஸ்பான்சருக்குப் போற பரிந்துரைல "ட்ரயல் தொடரலாம், எல்லா பங்கேற்பாளர்களுக்கும் லிவர் டெஸ்ட் 2 வாரத்துக்கு ஒருமுறை" அவ்வளவுதான். லிவர்ல ஏதோ இருக்குனு இதுலயே புரிஞ்சுடும், அத தவிர்க்க முடியாது, ஆனா எந்த குரூப்னு தெரியாது. மாற்றமே இல்லனா "மாற்றமின்றி தொடரலாம்"னு நிறுத்திக்கோங்க, "ரிசல்ட் நல்லா போகுது"ங்கிற மாதிரி ஒரு வார்த்தை சேர்த்தாலும் ப்ளைண்டிங் போச்சு.