திருத்திவிட்டோம் என்று திரும்பி வரும் கட்டுரை: சரிபார்க்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

நாம் மதிப்பாய்வு செய்து குறைகளைக் குறிப்பெழுதி அனுப்பிய ஆய்வுக் கட்டுரை இரண்டாம் சுற்றுக்கு வரும்போது, கூடவே எழுதியவர்களின் பதில் கடிதமும் வரும். நாம் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் கீழே "ஏற்றுக்கொள்கிறோம், திருத்திவிட்டோம், பக்கம் 7 பார்க்க" என்று பணிவாக எழுதியிருப்பார்கள். முதல் தவறு, அந்தக் கடிதத்தை முதலில் படிப்பது. படித்ததுமே மனசு பாதி சமாதானமாகிவிடும், அப்புறம் பக்கம் 7-ல் ஏதோ ஒரு புது வரி இருந்தாலே சரி என்று டிக் போட்டுவிடுவோம். நான் இப்போதெல்லாம் என் பழைய குறிப்பை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுக் கட்டுரையைப் படித்து முடித்த பிறகுதான் கடிதத்தைத் திறக்கிறேன்.

ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். முதல் தேர்வில் 50-க்குக் கீழே எடுத்த மாணவர்களை மட்டும் எடுத்து, எட்டு வாரம் தனிப் பயிற்சி கொடுத்து, மறுபடி தேர்வு வைத்திருக்கிறார்கள். சராசரி 41-லிருந்து 55 ஆகிவிட்டது, ஆகவே பயிற்சி பலன் தருகிறது என்பது கட்டுரையின் வாதம். நாம் எழுதிய குறிப்பு: ஒப்பிட வேறு குழு இல்லை, குறைவாக எடுத்தவர்களை மட்டும் பொறுக்கினால், அவர்களில் அன்றைக்கு ஏதோ காரணத்தால் சறுக்கியவர்களும் இருப்பார்கள், அடுத்த தேர்வில் எதுவும் செய்யாமலே அவர்கள் மதிப்பெண் கொஞ்சம் ஏறும், அந்த எட்டு வாரமும் வழக்கமான வகுப்பும் நடந்திருக்கிறது. அப்படியிருக்க, 14 மதிப்பெண்ணும் பயிற்சியால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

திரும்பி வந்த கட்டுரையில் "நிரூபிக்கிறது" என்பது "உணர்த்துகிறது" ஆகியிருக்கிறது, நான்கு புது மேற்கோள்கள் சேர்ந்திருக்கின்றன, கடைசியில் "ஒப்பீட்டுக் குழு இல்லாதது இந்த ஆய்வின் வரம்பு" என்று ஒரு பத்தி முளைத்திருக்கிறது. இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள், ஏனென்றால் குறிப்பில் இருந்த சொற்கள் எல்லாமே கட்டுரைக்குள் வந்துவிட்டன. ஆனால் சுருக்கத்தைப் பாருங்கள், "பயிற்சியால் 14 மதிப்பெண் உயர்வு" என்று அப்படியே இருக்கிறது. தலைப்பும் அதேதான், அட்டவணையில் ஒரு எண்கூட மாறவில்லை, முடிவுரை எல்லாப் பள்ளிகளுக்கும் இதைப் பரிந்துரைக்கிறது. குறையை ஒப்புக்கொண்டு ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, வாதம் பழைய வழியிலேயே நடக்கிறது.

உண்மையான திருத்தம் என்றால் ஒரு இடம் மாறும்போது மற்ற இடங்களும் கூடவே அசையும். அதே தேர்வுகளை எழுதிய, பயிற்சி பெறாத இன்னொரு பிரிவில் 50-க்குக் கீழே எடுத்தவர்கள் எவ்வளவு ஏறினார்கள் என்று எடுத்துப் பார்த்திருக்கலாம். அவர்களும் 9 ஏறியிருந்தால் பயிற்சிக்கு மிச்சம் 5 மட்டுமே. அந்த 5 சுருக்கத்திலும் அட்டவணையிலும் முடிவுரையிலும் தெரிய வேண்டும். அப்படித் தரவே இல்லையா, பரவாயில்லை, தலைப்பு உட்பட எல்லா இடத்திலும் வாதத்தைக் குறைத்துக்கொண்டாலும் அதுவும் நேர்மையான திருத்தம்தான். அதனால் குறிப்பு எந்தப் பக்கத்தைப் பற்றியதோ அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், அந்தக் கூற்றின்மேல் சாய்ந்து நிற்கும் மற்ற வரிகளையும் தேடிப் பாருங்கள்.

அடுத்த தவறு, எங்கெங்கே மாற்றினோம் என்று அனுப்பியவர்களே நிறம் தீட்டித் தந்த பிரதியை நம்புவது. சில மாற்றங்களை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டு மீதியை மட்டும் காட்டினால் நமக்குத் தெரியவே தெரியாது (பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை, அவசரம்தான்). வேர்டில் Review பகுதியில் Compare இருக்கிறது, பழையதையும் புதியதையும் கொடுத்தால் அதுவே வித்தியாசத்தைக் காட்டிவிடும். லேட்டக்கில் எழுதியது என்றால்:

```
latexdiff old.tex new.tex > diff.tex
```

ஆனால் எவ்வளவு சிவப்பு இருக்கிறது என்பதை வைத்து உழைப்பை அளக்காதீர்கள். பக்கம் முழுக்கச் சிவந்திருந்தும் வெறும் நடை மெருகாக இருக்கலாம், அட்டவணையில் ஒரே ஒரு புது வரிசை முழு வாதத்தையும் மாற்றியிருக்கலாம். எனக்குப் பயன்படும் சின்னச் சோதனை இது: பழைய குறிப்பை அப்படியே இந்தப் புதுப் பிரதிக்கு மறுபடி எழுத முடியுமா? நம் உதாரணத்தில் ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. "இதை மாற்றவில்லை, காரணம் இது" என்று அவர்கள் மறுத்து எழுதியிருந்தால் அதை மேம்போக்கு என்று தள்ளிவிடுகிறோம். காரணம் சரியாக இருந்தால் அந்த மறுப்பும் ஒரு முழுப் பதில்தான். அதேபோல் நம் குறிப்பே "விவாதப் பகுதியை வலுப்படுத்தவும்" என்று மொட்டையாக இருந்திருந்தால், வந்த நான்கு மேற்கோள்களுக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த முறை எந்த வரி, எந்த எண், ஏன் நிற்கவில்லை என்று எழுதி அனுப்புங்கள்.