வகுக்காமல் 1/a: ஆரம்ப ஊகத்தில் நடக்கும் தவறுகள்

கார்டெக்ஸ்-எம்0 போன்ற சிறு செயலிகளில் வகுத்தலுக்கென்று கட்டளையே கிடையாது. 1976-இல் வந்த கிரே-1 சூப்பர்கம்ப்யூட்டரிலும் வகுக்கும் சுற்று இல்லை. `1/a` என்ற தலைகீழியைத் தோராயமாகக் கண்டு, பிறகு பெருக்கிப் பெருக்கித்தான் சரிசெய்தார்கள். அந்தச் சரிசெய்தல், நியூட்டனின் தொடுகோட்டு முறைதான்: ஊகத்தில் வளைவரைக்குத் தொடுகோடு வரைந்து, அது x அச்சை வெட்டும் இடத்தை அடுத்த ஊகமாக எடுப்பது.

முதல் தவறு, எந்தச் சமன்பாட்டுக்குத் தொடுகோடு வரைவது என்பதிலேயே வந்துவிடுகிறது. `1/a` வேண்டுமென்றால் `a*x - 1 = 0` என்று எழுதத்தான் கை போகும். ஆனால் அதன் சாய்வு a. நியூட்டன் முறையில் சாய்வால் வகுக்க வேண்டும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே திரும்ப வந்து நிற்கும். `1/x - a = 0` என்று எடுங்கள். இதன் சாய்வு `-1/x²`. அதால் வகுப்பது என்றால் x² ஆல் பெருக்கிக் குறியை மாற்றுவது, அவ்வளவுதான். சுருக்கினால் கிடைப்பது:

```
x_new = x * (2 - a*x)
```

இரண்டு பெருக்கல், ஒரு கழித்தல்.

அடுத்த தவறுதான் பலரையும் கவிழ்ப்பது: எந்த a வந்தாலும் x = 1 என்று தொடங்குவது. 0.5, 0.8, 1.5 என்று போட்டுப் பார்த்தால் அருமையாக வேலை செய்யும். a = 2 கொடுத்தால் முதல் சுற்றிலேயே 1 × (2 − 2) = 0. அதன் பிறகு எத்தனை சுற்று ஓடினாலும் 0தான். a = 7 என்றால் −5, −185, −2,39,945 என்று ஓடும்; சாதாரண float-இல் ஆறாவது சுற்றில் `-inf`.

ஏன் இப்படி? `1 - a*x` என்பதைப் பிழை e என்று வையுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் புதிய பிழை சரியாக e² ஆகிறது. e-யின் அளவு 1-க்குக் கீழே இருந்தால் வர்க்கம் அதைச் சுருக்கும். மேலே இருந்தால் ஊதிவிடும். ஆகவே ஊகம் 0-க்கும் 2/a-க்கும் இடையே இருந்தே ஆக வேண்டும். படமாகப் பார்த்தால், x பெரிதாகப் பெரிதாக வளைவரை தட்டையாகிறது. 2/a-ஐத் தாண்டி வரைந்த தொடுகோடு x அச்சை எதிர்மறைப் பக்கம் போய் வெட்டுகிறது. அந்தப் பக்கம் தீர்வே இல்லை, திரும்பி வரவும் வழியில்லை. a எதிர்மறை எண் என்றால் ஊகமும் எதிர்மறையாக இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

7-க்கு எல்லை 2/7, அதாவது ஏறக்குறைய 0.2857. ஊகம் 0.1 என்றால் 0.13, 0.1417, 0.142848 என்று நேராக 1/7-ஐ நோக்கிப் போகும். 0.3 என்றால், எல்லையைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது, ஆனாலும் −0.03, −0.0663 என்று விலகிவிடும்.

சரி, பாதுகாப்பாக 0.0001 என்று வைத்துவிட்டால்? தவறான விடை வராது. ஆனால் e கிட்டத்தட்ட 1 என்பதால், முதல் பத்துச் சுற்றும் ஊகத்தை ஏறத்தாழ இரட்டிப்பதிலேயே கழியும். வேகம் அப்புறம்தான் வரும்.

முறையான வழி, எண்ணை முதலில் 0.5-க்கும் 1-க்கும் இடையே கொண்டுவருவது. 7 = 0.875 × 8. C-இன் `frexp` இதைச் செய்து தரும்; கீழே m என்பது அந்த 0.875. வெறும் 2-இன் அடுக்கை மாற்றுவதுதான், வகுத்தல் இல்லை. அந்தச் சிறு வீச்சுக்குள் ஒரு நேர்கோடே நல்ல ஊகம் தரும்:

```c
float x = 2.823529f - 1.882353f * m;
for (int i = 0; i < 3; i++)
    x = x * (2.0f - m * x);
```

அந்த எண்கள் 48/17, 32/17. வீச்சு முழுவதும் பிழை 1/17-ஐத் தாண்டாமல் இருக்கத் தேர்ந்தவை. 0.875-க்கு முதல் ஊகம் 1.17647, அடுத்து 1.141869, அடுத்து 1.1428563. இதில் 2-இன் அடுக்கை 3 குறைத்தால் 0.142857036. மூன்றாவது சுற்றோடு float-க்குத் தேவையான துல்லியம் கிடைத்துவிடும். Double-க்கு நான்கு, ஆனால் மாறிலிகளும் double ஆக இருக்கட்டும். a = 0 என்றால் சுற்றுக்குள் விடாமல் முன்பே தனியாகப் பிரித்துவிடுங்கள்.

இப்படிச் சுருக்காமல் நேரடியாக எழுதுபவர்கள் கடைசியில் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள்: அடுத்தடுத்த இரண்டு x-களின் வித்தியாசம் `1e-6`-க்குக் கீழே போனால் நிறுத்துவது. a நூறு கோடி, ஊகம் `1e-12` என்று வையுங்கள். ஊகம் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் முதல் சுற்றில் x ஏறக்குறைய `2e-12` ஆகும். வித்தியாசம் `1e-6`-ஐவிட மிகச் சிறியது, நிரல் உடனே நின்றுவிடும். விடை `1e-9` ஆக இருக்க வேண்டும். கிடைத்தது அதில் ஐந்நூறில் ஒரு பங்கு. திரையில் இரண்டும் 0.000000 என்றே தெரிவதால் கண்ணுக்கும் அகப்படாது. x-இன் வித்தியாசத்தை விட்டுவிட்டு `1 - a*x`-ஐ அச்சிட்டுப் பாருங்கள்: 0.998 என்று காட்டும்.